மண்டபத்தில் எடுத்த 360 பாகை காணொளியிலிருந்து ஒரு தட்டையான காட்சி: திசையும் பார்வைக் கோணமும் தேர்ந்த விதம்

ஒரு கோயிலின் வெளிப்பிரகாரத்தை ஒட்டிய தூண் மண்டபத்தில் நடந்த நாகஸ்வரக் கச்சேரியின் 360 பாகை பதிவே இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள். இருபுறமும் லென்ஸ் உள்ள ஒரு கேமரா, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் முக்காலியின் மேல் நின்றது. நாகஸ்வரக் கலைஞர்கள் இருவரும் தவில் கலைஞர்கள் இருவரும் அதிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவில் வளைவாக நின்று வாசித்தனர். இன்னொரு பக்கத்தில் திறந்தவெளியும் அதற்கப்பால் கோபுரமும் தெரிந்தன. காட்சியைத் தானே திருப்பிப் பார்க்கும் வசதி எல்லாப் பார்வையாளருக்கும் இருப்பதில்லை; ஆகவே சாதாரணக் கேமராவில் எடுத்ததைப் போன்ற ஒரு காட்சியைக் கலைஞர்களை நோக்கியும், இன்னொன்றைக் கோபுரத்தை நோக்கியும் இதே பதிவிலிருந்து பிரித்தெடுப்பது நோக்கமாக இருந்தது. இரண்டையும் ffmpeg மென்பொருளின் v360 என்னும் வடிகட்டியால் செய்யலாம்.

கேமராவின் சொந்த மென்பொருள் இரு லென்ஸ்களின் படங்களையும் இணைத்துத் தந்த கோப்பு 5760×2880 பிக்சல் அளவுடையது. உலக வரைபடத்தில் பூமி விரிந்து கிடப்பதைப் போலவே, இதில் கேமராவைச் சூழ்ந்த கோளம் முழுவதும் ஒரு செவ்வகமாக விரிந்திருக்கும். 360 பாகைக்கு 5760 பிக்சல் என்றால் ஒரு பாகைக்குச் சரியாக 16 பிக்சல் ஆகிறது. பின்வரும் கணக்குகள் எல்லாம் இந்த ஒரு எண்ணிலிருந்தே பிறக்கின்றன.

திசையைப் படத்திலிருந்தே படித்தல்

திசையைத் தேட நகர்த்துப்பட்டையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காணொளியிலிருந்து ஒரு சட்டகத்தை மட்டும் படமாக எடுத்து, ஏதாவது ஒரு படத்தொகுப்பானில் திறந்து, வேண்டிய பொருளின் மேல் சுட்டியை வைத்து அதன் x, y எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

```
yaw   = (x - 2880) / 16
pitch = (1440 - y) / 16
```

yaw என்பது பக்கவாட்டுத் திசை, pitch என்பது கண்மட்டத்திலிருந்து மேலோ கீழோ உள்ள கோணம். படத்தின் நடுவே yaw பூச்சியம். அது முன் லென்ஸ் நோக்கிய திசை. வலப்புறம் செல்லச் செல்ல எண் கூடும், இடப்புறம் செல்ல எதிர்மறையாகும். நம் பதிவில் இடக்கோடியில் நின்ற தவில் கலைஞர் x = 3200 இலும் வலக்கோடியில் நின்றவர் x = 4160 இலும் இருந்தனர். அதாவது முதலாமவர் 20 பாகையிலும் கடைசியாக நின்றவர் 80 பாகையிலும் நிற்கின்றனர்; குழுவின் நடு 50 பாகை, அதன் அகலம் 60 பாகை. கோபுரத்தின் நடுக்கோடு x = 1920 இல் இருந்தது; அது −60 பாகை. கோபுரத்தின் உச்சி y = 832 இல் இருந்தது; அது கண்மட்டத்திலிருந்து 38 பாகை மேலே.

முதலில் மட்டம்

இந்த எண்களை அப்படியே பயன்படுத்துவதற்கு முன்னால் கேமரா நேராக நின்றதா என்பதைப் பார்த்தாக வேண்டும். தட்டையான காட்சியில் இயல்புத்தன்மையை முதலில் குலைப்பது சாய்ந்த தூண்தான். எடுத்த பின்பு ஒவ்வொரு காட்சியிலும் தனித்தனியே அதைத் திருத்த முயல்வது வீண் வேலை. கேமரா ஒரு பக்கமாக 2 பாகை சாய்ந்திருந்தால், அது ஒரு திசையில் பார்க்கும்போது படம் பக்கவாட்டில் சாய்ந்ததாகவும், அதற்குச் செங்குத்தான திசையில் பார்க்கும்போது படம் மேலே தூக்கியதாகவோ கீழே தாழ்ந்ததாகவோ தெரியும். ஒரு திசைக்குச் சரியான திருத்தம் மற்றொரு திசைக்குப் பொருந்தாது. ஆகவே கோளம் முழுவதையும் ஒரே முறை மட்டப்படுத்திவிட்டு, அதன் பிறகு காட்சிகளை எடுப்பதே முறை.

சாய்வை அளக்க ஓர் எளிய உண்மை உதவுகிறது. கேமராவின் உயரத்திலேயே இருக்கும் பொருள் எதுவானாலும், அது அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், கேமரா மட்டமாக இருந்தால் y = 1440 என்னும் நடுக்கோட்டில்தான் விழும். பதிவுக்கு முன்பு, நான்கு திசைகளில் உள்ள தூண்களில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் சிறு காகிதப் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. சட்டகத்தில் பார்த்தபோது முன்னும் பின்னும் இருந்த பட்டைகள் 1440 இல் இருந்தன. வலப்புறத் தூணின் பட்டை 1472 இலும் இடப்புறத் தூணின் பட்டை 1408 இலும் இருந்தன. ஒரு பக்கம் 32 பிக்சல் கீழே, எதிர்ப்பக்கம் 32 பிக்சல் மேலே என்றால் அது 2 பாகைப் பக்கச் சாய்வு. பட்டை ஒட்டாத பதிவுகளில் தொலைதூரத் தொடுவானமோ, சட்டகத்தில் நேராக நிற்க வேண்டிய தூண் விளிம்புகளோ இதே வேலையைச் செய்யும். சாய்ந்த பதிவில் கண்மட்டக் கோடு ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக அலைபோல் ஓடும்.

திருத்தத்தின் குறி நேர்மறையா எதிர்மறையா என்பதை நினைவிலிருந்து எழுதாமல் ஒரு சட்டகத்தில் சோதிப்பது நல்லது. பக்கச் சாய்வைத் திருத்தும் roll மதிப்புக்கு 2 கொடுத்துப் பார்க்கும்போது பட்டைகள் நடுக்கோட்டுக்கு வந்தால் குறி சரி. விலகல் 64 பிக்சலாக இரட்டித்தால் −2 கொடுக்க வேண்டும். இந்தத் திருத்தம் முன்-பின் அச்சைச் சுற்றியே நடப்பதால், இரு லென்ஸ்களின் படங்கள் சந்திக்கும், அந்த அச்சுக்குச் செங்குத்தாக அமைந்துள்ள இணைப்புக் கோட்டின் தளம் இடம் மாறுவதில்லை. அடுத்து வரும் தேர்வுக்கு இது முக்கியம்.

கலைஞர்களின் காட்சி: கோணத்தைத் தீர்மானித்தவை

இரண்டு லென்ஸ்களின் படங்கள் சந்திக்கும் இணைப்புக் கோடு +90, −90 பாகைகளில் செங்குத்தாக ஓடுகிறது. லென்ஸ்கள் இரண்டும் ஒரே புள்ளியில் இல்லாமல் சில சென்டிமீட்டர் விலகி இருப்பதால், கேமராவுக்கு அருகில் உள்ள பொருளை அவை சற்றே வேறு இடங்களில் காண்கின்றன. தொலைவில் உள்ள சுவரில் இந்த வேறுபாடு தெரியாது. கை எட்டும் தொலைவில் உள்ள ஒருவரின் தோளோ வாத்தியத்தின் அணசோ அந்தக் கோட்டைக் கடக்கும்போது துண்டுபட்டோ இரட்டித்தோ தெரியும். காட்சியைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில் இதைச் சீராக்க வழியில்லை; கோடு படத்துக்குள் வராமல் தவிர்க்கத்தான் முடியும்.

குழு 60 பாகை அகலம். இருபுறமும் சற்று இடம் விட்டு 75 பாகைப் பார்வைக் கோணம் எடுத்தால், 50 பாகையை நடுவாகக் கொண்ட காட்சி 12.5 பாகையில் தொடங்கி 87.5 பாகையில் முடிகிறது. இணைப்புக் கோடு இரண்டரை பாகை வெளியே நின்றுவிடுகிறது. pitch பூச்சியமாக இருக்கும் வரை காட்சியின் வல விளிம்பு மேலிருந்து கீழ்வரை அதே 87.5 பாகையில்தான் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். காட்சியை மேலே தூக்கினால் மேல் மூலைகள் பக்கவாட்டில் அகன்று, விளிம்பில் மறைந்திருந்த கோடு மூலையில் எட்டிப்பார்க்கும்.

அடுத்து முகங்களின் வடிவம். கோளத்தைப் படமாக விரிக்கும் முறையே வீழ்ப்பு; தட்டையான வீழ்ப்பில் நேர்கோடுகள் நேராகவே இருக்கும். அதற்கான விலை ஓரங்களில் கட்டப்படுகிறது. நடுவிலிருந்து θ பாகை விலகிய பொருள், நடுவை நோக்கிய திசையில் 1/cos²θ மடங்கும் அதற்குக் குறுக்கே 1/cosθ மடங்கும் பெரிதாகும். கோடியில் நிற்பவர் நடுவிலிருந்து 30 பாகை விலகியிருக்கிறார். எல்லோரும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் வளைவாக நிற்பதால், அவர் நடுவில் நிற்பவரைவிட உயரத்தில் 15 விழுக்காடும் அகலத்தில் 33 விழுக்காடும் பெரிதாகத் தெரிவார். விளைவாக அவருடைய முகம் இயல்பைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு அகன்று இருக்கும். 20 பாகைக்குள் இந்த அகலிப்பு 6 விழுக்காடு மட்டுமே, கண்ணுக்குப் படாது. 30 பாகையில் கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். 45 பாகையில் 41 விழுக்காடு ஆகிவிடும். அது யாருக்கும் உறுத்தும்.

இங்கே பலர் பார்வைக் கோணத்தைக் குறைத்தால் முகம் சீராகும் என்று எண்ணுகின்றனர். முகத்தின் வடிவம் காட்சியின் மொத்தக் கோணத்தைப் பொறுத்ததன்று. காட்சியின் நடுவிலிருந்து அந்த முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. கோணத்தை 62 ஆகக் குறைத்தாலும் கோடியில் உள்ளவர் 30 பாகையிலேயேதான் நிற்பார். ஓரம் வெட்டப்படுமே தவிர அவர் முகம் மாறாது. நடுவை எங்கே வைப்பது என்பதே உண்மையான கருவி. நால்வரையும் ஒரே காட்சியில் காட்ட வேண்டியிருந்ததால் நடு 50 பாகையிலேயே நின்றது. ஒருவரின் தனி ஆவர்த்தனம் வரும் இடங்களில் அவரை நடுவாக வைத்து 45 பாகைக் கோணத்தில் தனிக் காட்சி எடுத்து வெட்டிச் சேர்ப்பது இதைவிட நல்ல பலன் தரும். ஆனால் கடைசிக் கலைஞர் 80 பாகையில் நிற்பதால் அவருடைய தனிக் காட்சியில் இணைப்புக் கோடு தவறாமல் உள்ளே வரும்; அவருக்கு மட்டும் அத்தகைய காட்சி எடுக்கப்படவில்லை.

செங்குத்துக் கோணம்: பெரும்பாலான படங்கள் கெடும் இடம்

கிடைக்கோணம் 75 என்று முடிவான பிறகு, 16:9 படத்துக்குச் செங்குத்துக் கோணம் எவ்வளவு? 75 ஐ 9 ஆல் பெருக்கி 16 ஆல் வகுத்து 42.19 என்று எழுதுவது எல்லோர் கையும் தானாகச் செய்யும் கணக்கு. ஆனால் தட்டையான படத்தில் நீளம் கோணத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அரைக்கோணத்தின் டேன்ஜென்ட்டோடு வளர்கிறது. ஆகவே கிடைக்கோணம் h_fov, செங்குத்துக் கோணம் v_fov, படத்தின் அகலம் w, உயரம் h என்றால், கணக்கு இப்படி அமைய வேண்டும்:

```
v_fov = 2 * atan( tan(h_fov/2) * h/w )
      = 2 * atan( tan(37.5°) * 9/16 ) = 46.69°
```

42.19 க்கும் 46.69 க்கும் உள்ள இடைவெளி சிறிதாகத் தோன்றலாம். குறைவான கோணத்தை அதே உயரத்துக்கு இழுத்து நிரப்புவதால், படத்தில் எல்லாமே 12 விழுக்காடு உயரமாகிவிடும்: தூண்கள் மெலியும், முகங்கள் நீளும். v_fov மதிப்பை எழுதாமலே விட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இந்த வடிகட்டி தட்டையான காட்சிக்குத் தானாக எடுத்துக்கொள்வது கிடையாக 90, செங்குத்தாக 45 பாகை. அந்த மதிப்புகளோடு 16:9 அளவைக் கேட்டால் படம் 36 விழுக்காடு உயரமாக இழுபடும். பார்ப்பவர் ஏதோ லென்ஸின் குறை என்று எண்ணுவாரே தவிர, கோணத்தின் குறை என்று அறியமாட்டார்.

இதைச் சோதிக்க, காட்சியின் நடுப்பகுதியில் உள்ள ஒரு வட்டத்தையோ சதுரத்தையோ தேட வேண்டும். ஓரத்தில் உள்ள வட்டம் உதவாது. அது முன்பு சொன்ன காரணத்தால் எப்படியும் நீளும். நம் காட்சியில் நடுத் தூணின் முகப்பில் வட்டமான தாமரைச் செதுக்கல் ஒன்று கேமராவை நேராக நோக்கி இருந்தது. 46.69 கொடுத்தபோது அதன் அகலமும் உயரமும் ஒரே பிக்சல் எண்ணிக்கையில் வந்தன.

இந்தக் கோணத்தில், இரண்டரை மீட்டர் தொலைவில் கண்மட்டத்துக்கு மேலும் கீழும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் காட்சி பரவுகிறது. கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதால், முழங்காலிலிருந்து தலைக்கு மேல் போதிய இடம்வரை உள்ளே அடங்குகிறது. இடுப்பில் தொங்கும் தவிலும் முழுமையாகத் தெரிகிறது. ஆகவே pitch மதிப்பைத் தொடவே தேவையிருக்கவில்லை.

எவ்வளவு பெரிய படம்

1920×1080 அளவில் எடுத்தால் காட்சியின் நடுவில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 21.8 பிக்சல் ஆகிறது. மூலத்தில் இருப்பதோ 16. மீதியை இடைச்செருகல்தான் இட்டு நிரப்புகிறது. படம் பெரிதாகும், விவரம் கூடாது. 1280×720 அளவில் ஒரு பாகைக்கு 14.6 பிக்சல், மூலத்துக்குக் கிட்டத்தட்ட நிகர். ஆகவே 1280×720 தேர்ந்தெடுக்கப்பட்டது. இதைவிட மிகச் சிறிய அளவுக்கு நேரடியாக இறங்கக் கூடாது. இந்த வடிகட்டி ஒவ்வொரு புள்ளிக்கும் மூலத்தின் அண்டைப் பிக்சல்களை மட்டுமே பார்க்கிறது, பரப்பைச் சராசரியாக்குவதில்லை; அதனால் செதுக்கல் வேலைப்பாடுகள் நிறைந்த தூண்கள் சிறிய படத்தில் மினுமினுக்கும். சிறிய படம் வேண்டுமானால் பெரிதாக எடுத்துவிட்டு scale வடிகட்டியால் குறைப்பதே சரி.

```
ffmpeg -i kacheri.mp4 -vf "v360=e:e:roll=2:interp=lanczos,\
v360=e:flat:yaw=50:pitch=0:h_fov=75:v_fov=46.69:\
w=1280:h=720:interp=lanczos" \
-c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a copy kuzhu.mp4
```

முதல் v360 மட்டப்படுத்துகிறது, இரண்டாவது காட்சியை எடுக்கிறது. w, h இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் கட்டளை நின்றுவிடும், இரண்டும் வேண்டும்.

கோபுரம்: அண்ணாந்து பாராமல் உயரத்தைப் பிடித்தல்

உச்சி 38 பாகை மேலே இருப்பதால், காட்சியை 20 பாகை மேலே தூக்குவதுதான் முதலில் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மேலே ஒரு புள்ளியை நோக்கிக் கூடும். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகும் வடிவம் என்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. கோபுரம் உண்மையைவிட ஒடுங்கியதாகவும் பின்னால் சாய்ந்ததாகவும் மாறிவிடுகிறது. அருகில் நிற்கும் விளக்குக் கம்பமும் மண்டபத்தின் ஓரத் தூணும் உள்நோக்கிச் சாயும்போதுதான் அது வெளிப்படுகிறது. கட்டடத்தின் விகிதத்தைச் சிற்பிகள் வைத்தபடி காட்ட விரும்பும் எவரும் இதை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பார்வையைக் கண்மட்டத்திலேயே வைத்துக்கொண்டு, மேலும் கீழும் 45 பாகைவரை விரிந்த உயரமான படம் ஒன்றை எடுத்து, அதன் மேற்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்வதே மாற்று வழி. கட்டடப் புகைப்படக் கலைஞர்கள் லென்ஸை மேலே நகர்த்திச் செய்வதும் இதுவே. 1080×1800 அளவுள்ள படத்துக்குச் செங்குத்துக் கோணம் 90 என்றால், முன்பு சொன்ன டேன்ஜென்ட் கணக்குப்படி கிடைக்கோணம் 61.93 ஆகிறது. அதன் மேலிருந்து 1080 வரிகளை எடுத்தால், 45 பாகை உயரத்திலிருந்து கண்மட்டத்துக்கு 11 பாகை கீழேவரை உள்ள சதுரக் காட்சி கிடைக்கும். முந்தைய கட்டளையில், மட்டப்படுத்தும் முதல் v360 ஐ அப்படியே விட்டு, இரண்டாவதன் இடத்தில் இதை வைக்க வேண்டும்:

```
v360=e:flat:yaw=-60:pitch=0:h_fov=61.93:v_fov=90:\
w=1080:h=1800:interp=lanczos,crop=1080:1080:0:0
```

உச்சி மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 197 பிக்சல் கீழே அமைகிறது. கம்பமும் தூணும் செங்குத்தாகவே நிற்கின்றன. இதற்கும் விலை உண்டு. 38 பாகை விலகலில் செங்குத்துத் திசையில் படம் 1.6 மடங்கு பெரிதாவதால், மேல்நிலைகளின் சுதைச் சிற்பங்களும் கலசங்களும் அடிநிலையைவிட மங்கலாகத் தெரிகின்றன. 5760 பிக்சல் மூலத்திலிருந்து இதற்குமேல் எடுக்க இயலாது. கலசத்தை அருகில் காட்ட வேண்டுமானால் வேறு கேமரா வேண்டும்.

அகன்ற காட்சி கேட்கப்பட்டபோது

கலைஞர்களோடு கேட்பவர்களையும் சேர்த்து 120 பாகை அகலத்தில் ஒரு காட்சி வேண்டும் என்று கேட்கப்பட்டது. தட்டையான வீழ்ப்பில் இது பயனற்றது. 60 பாகை விலகலில் ஓரத்தில் நிற்பவர் இரு மடங்கு உயரமும் நான்கு மடங்கு அகலமும் ஆகிவிடுவார். போதாக்குறைக்கு, கைப்பேசியை வழக்கமான தொலைவில் கிடையாகப் பிடிக்கும்போது அதன் திரை நம் கண்ணில் 25 பாகை அளவே நிரப்புகிறது. அந்தச் சிறு கோணத்துக்குள் 120 பாகையை நெருக்கிக் காட்டும்போது ஓரத்தின் இழுப்பு மேலும் உறுத்தும்.

இதற்கு flat என்பதற்குப் பதிலாக sg என்னும் வீழ்ப்பு பயன்படுத்தப்பட்டது. அதில் ஒவ்வொரு சிறு பொருளும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பெரிதாவதால் முகத்தின் வடிவம் மாறுவதில்லை; 60 பாகையிலும் பெருக்கம் 1.33 மடங்கே. மாறாக நேர்கோடுகள் வளையும்: நடுவை விட்டு விலகிய தூண்கள் பீப்பாய்ப் பலகைபோல் சற்றே வெளிப்புறம் புடைக்கும். இந்த வீழ்ப்பில் நீளம் கால்கோணத்தின் டேன்ஜென்ட்டோடு வளர்வதால் செங்குத்துக் கோணக் கணக்கும் மாறி, h_fov 120 க்கு v_fov 72 ஆகிறது. தட்டையான காட்சிக்குரிய வாய்பாட்டை இங்கே இட்டால் 88.5 வரும், மனிதர்கள் குள்ளமாகிவிடுவார்கள்.

இந்தக் காட்சி −10 இலிருந்து 110 பாகைவரை பரவுவதால் இணைப்புக் கோடு உள்ளே வருகிறது. கேட்பவர்கள் ஐந்து மீட்டருக்கு அப்பால் நின்றதால் அவர்கள் மேல் கோடு தெரியவில்லை. ஆனால் தட்டோடு கேமராவை ஒட்டி ஒருவர் கடந்து சென்ற இடத்தில் அவருடைய கை சில சட்டகங்களுக்குத் துண்டாகத் தெரிந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் 75 பாகைத் தட்டையான காட்சியையே வெட்டி வைக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே பதிவிலிருந்து வந்தவை ஆகையால் ஒலியில் எந்த இடத்திலும் விலகல் ஏற்படவில்லை.